ரூட் மூணுல ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு

இதை எழுத வேணாம்னுதான் இருந்தேன். கணக்கைப் பத்தி எழுதினா எவன் படிப்பான், அதுவும் பிளஸ் ஒன்ல பாதியில பள்ளிக்கூடத்தை விட்டு எந்திரிச்சு வந்தவன் எழுதினா? ரெண்டு தடவை பேனாவை எடுத்து மூடி வச்சாச்சு. ஆனா அந்த ரூட் கணக்கு மனசுல கிடந்து அரிக்குது. மீன் முள்ளு மாதிரி, விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

எனக்கு ஊரு தேவிபட்டினம். எங்க அய்யா போட்டுல கடலுக்குப் போறவரு. நான் போனா வாந்தி எடுப்பேன். அதனால ரயில்வே பரீட்சை எழுதப் போறேன்னு சொல்லிட்டு ராமநாதபுரத்துல ஒரு இலவச கிளாசுக்குப் போய்க்கிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடி. கீழ செருப்புக்கடை, மேல நாங்க. தகரக் கூரை, ஓடுற மாதிரி நடிக்கிற ரெண்டு ஃபேனு.

சார்னு ஒருத்தரு. எங்களைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். அவரும் பரீட்சை எழுதிக்கிட்டே எங்களுக்கும் சொல்லிக் குடுப்பாரு. ஒருக்க ஒரே மார்க்குல வேலை போச்சாம். தனக்கு முன்னாடி உக்காந்து எழுதினவன் காப்பி அடிச்சுத்தான் உள்ள போனான்னு இன்னைக்கும் நம்புறாரு. அதனால டெஸ்ட் வச்சா எங்க கழுத்தைத்தான் பாப்பாரு. எவன் கழுத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு அவருக்கு மனப்பாடம்.

என் பக்கத்துல உக்காருற கூட்டாளிக்கு நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமம். மானம் பாத்த பூமி, நெல்லு கொஞ்சம், மிளகாய் கொஞ்சம், ஆடு கொஞ்சம். படிக்க உக்காந்தா ஆடு கூப்பிடும், ஆட்டைக் கட்டினா அவங்க அய்யா கூப்பிடுவாரு. கிளாஸ்லயே அவன்தான் ஒழுங்காப் படிக்கிறவன். பேச்சு கம்மி. நான் ஓட்டுறதுக்குன்னே கடவுள் செஞ்சு பக்கத்துல உக்கார வச்ச மாதிரி இருப்பான்.

சார் பேப்பர் குடுக்கச் சொன்னா அவன் எண்ணுற அழகே அழகு. "லாபம், ரெண்டு, மூணு, நாலு"ன்னு எண்ணுவான். அவங்க ஊருல நெல்லு அளக்கும்போது மொத மரக்காலை ஒன்னுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் சொல்வாங்க. அதே பழக்கம் வாயில ஒட்டிக்கிச்சு. "ஏலே, கொஸ்டின் பேப்பர்ல என்னலே லாபம்?"னு கேப்பேன். "வாய மூடுலே"ம்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். மதுரையில ஒரு பெரிய கோச்சிங்குல ஆறு மாசம் தங்கிப் படிக்கலாம், சாப்பாடு படுக்கை எல்லாம் சும்மான்னு சார் சொன்னாரு. எங்க கிளாஸ்ல இருந்து ஒரே ஒரு ஆளு. டெஸ்ட்டுல யாரு மொதல்ல வாராங்களோ அவங்க பேரை அனுப்புவாரு. எனக்கு அதுல ஆசையும் இல்ல, வழியும் இல்ல. ஆனா அவனுக்கு அது உசுரு. கிடைக்கலைன்னா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அனுப்ப அவங்க மாமா பேசி வச்சுட்டாரு. பையை மட்டும்தான் இன்னும் கட்டல.

டெஸ்ட்டு வந்துச்சு. அடுக்கும் மூலமும்தான் பாடம். √45-லருந்து √20-ஐ கழின்னு ஒன்னு. 45-ன்னா ஒன்பது அஞ்சு, ஒன்பது வெளிய வந்தா மூணு. 20-ன்னா நாலு அஞ்சு, நாலு வெளிய வந்தா ரெண்டு. மூணு √5-ல ரெண்டு √5 போக ஒரு √5. அது நானே போட்டுட்டேன். கடைசியில ஒன்னு இருந்துச்சு பாருங்க, அதுதான் வில்லங்கம்.

ரூட் மூணு, க்யூப் ரூட் அஞ்சு, நாலாம் ரூட் பத்து. இந்த மூணையும் சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்தி எழுது. கால்குலேட்டர் கிடையாது.

எனக்கு அதுக்கு ஒரு சொந்த வழி இருந்துச்சு. எங்க ஊருல போட்டு கரைக்கு வந்தா மீனை வித்து, போட்டுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனைன்னு பங்கு பிரிப்பாங்க. நான் ரூட்டையும் பங்குன்னே வச்சுக்கிட்டேன். ரூட் மூணுன்னா மூணை ரெண்டு பேருக்குப் பிரி, ஒன்னரை. க்யூப் ரூட் அஞ்சுன்னா அஞ்சை மூணு பேருக்குப் பிரி, ஒன்னே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. நாலாம் ரூட் பத்துன்னா ரெண்டரை. ஆக √3, ∛5, ⁴√10. எழுதிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத வழி. என் சொத்து.

மறுநாளு சார் ரெண்டு பேப்பரை ரெண்டு கையில தூக்கிக்கிட்டு வந்தாரு. ஒன்னு என்னோடது, ஒன்னு அவனோடது.

"கடைசிக் கணக்கு. பாதிப் பேரு சரியா போட்டிருக்கீங்க. மீதிப் பேரு தொடவே இல்ல. தப்பா போட்டது ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு. ஒரே பெஞ்சு."

கிளாஸே எங்க பக்கம் திரும்புச்சு. இப்ப மட்டும் கழுத்துத் திரும்புனா சாருக்கு ஒன்னும் இல்ல.

"இந்த ஒன்னைத் தவிர இவனுக்கு எல்லாம் சரி"ன்னு அவனைக் காட்டினாரு. "இவன்தான் மொத மார்க்கு. ஆனா காப்பி அடிச்சவன் பேரை மதுரைக்கு அனுப்ப மாட்டேன். காட்டினவன் பேரையும் அனுப்ப மாட்டேன். யாரு யாரைப் பாத்தீங்க?"

நான் அவனைப் பாத்தேன், அவன் என்னைப் பாத்தான்.

"நாளைக்குக் காலையில வந்து சொல்லுங்க. இல்லன்னா ரெண்டாவது மார்க்கோட பேரு போகும்."

ரெண்டாவது மார்க்கு முதுகுளத்தூர்ல இருந்து வர்ற பொண்ணு. அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? கையைத் தூக்கிச்சு.

"சார், மூணு ரூட்டை மொத்தமே ஆறு விதமாத்தான் வரிசை வைக்க முடியும். ஒன்னு சரின்னா தப்பு அஞ்சுதான். ரெண்டு பேருக்கு ஒரே தப்பு தானா வந்திருக்கக் கூடாதா?"

"வரலாம்"னாரு சார். "ஒரே பெஞ்சுல வந்ததுதான் இடிக்குது. நீ உக்காரு. உனக்குத்தான் சீட்டு வரப்போகுது."

அந்தப் பொண்ணு உக்காந்துச்சு. அதுமேலயும் எனக்கு ஒரு சந்தேகம், இவ்வளவு நல்லவங்க உலகத்துல உண்டான்னு.

சார் நினைச்சது என்னன்னு எனக்குத் தெரியும். படிக்காத பய நான், படிக்கிறவனைப் பாத்து எழுதியிருப்பேன்னு நினைச்சாரு. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நினைப்பாங்க. ஆனா எனக்கு வந்த சந்தேகம் வேற. என் வழி எனக்கு மட்டும்தான் தெரியும். பங்கு பிரிச்சு ரூட்டு போடுற கிறுக்கன் இந்த ஜில்லாவுல வேற எவனும் கிடையாது. அப்ப என் தப்பு அவன் பேப்பருக்கு எப்பிடிப் போச்சு? டெஸ்ட்டுல அவன் தலை ரெண்டு மூணு தடவை என் பக்கமா சாஞ்சது ஞாபகம் வந்துச்சு. அவனுக்கு இடது பக்கம் நான். குனிஞ்சு, இடது பக்கமா, கண்ணைக் கீழ போட்டுக்கிட்டுப் பாத்தான். அப்ப நான் கண்டுக்கல. இப்ப கண்டுக்கிட்டேன்.

மொத மார்க்கு வாங்குறவன், கடைசிக் கணக்குல பயந்துபோயி, போயும் போயும் என் பேப்பரைப் பாத்து எழுதிட்டான். சிரிப்பா வந்துச்சு.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு பேரும் நின்னோம். அவன் டீயைத் தொடவே இல்ல.

"ஏலே, நீ அந்தக் கணக்கை எப்பிடிப் போட்ட?"ன்னு கேட்டேன்.

"நீ எப்பிடிப் போட்ட, அதச் சொல்லு மொத."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுலே."

"எதுக்குக் கேக்குற? எங்கிட்ட இருந்து எடுத்துட்டு இப்ப வழியும் தெரியணுமாக்கும்?"

பாத்தீங்களா. அவனுக்கு என் மேல சந்தேகம். "அடப்பாவி, உன் பேப்பரு எனக்கு எதுக்குலே? எனக்கு மதுரையும் வேணாம், மானாமதுரையும் வேணாம்."

"அதான் எனக்கும் புரியல. என்னைக் கவுக்கணும்னே செஞ்சியா?"

இதுக்கு நான் சிரிக்கல. வழக்கமா எதுக்கும் சிரிச்சிருவேன். வடை வச்சுக் குடுத்த பேப்பரை அவன் முன்னாடி தள்ளினேன். பேனாவையும் குடுத்தேன். "போடு. இங்கன எம் முன்னாடி போடு."

போட்டான். ரெண்டு, மூணு, நாலு. இதுக்கு மீச்சிறு பொது மடங்கு பன்னெண்டு. எல்லாத்தையும் பன்னெண்டாம் அடுக்குக்குத் தூக்கினா ரூட்டெல்லாம் ஓடிப்போயிரும். ரூட் மூணு, மூணோட ஆறாம் அடுக்கு ஆகும். க்யூப் ரூட் அஞ்சு, அஞ்சோட நாலாம் அடுக்கு. நாலாம் ரூட் பத்து, பத்தோட மூணாம் அடுக்கு. ஆறு மூணை வரிசையா எழுதி, ரெண்டு ரெண்டா சேத்துப் பெருக்கினான். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. எழுநூத்து இருபத்தொம்போது. அஞ்சுக்கு அறுநூத்து இருபத்தஞ்சு. பத்துக்கு ஆயிரம்.

ஆக ∛5 சின்னது, அடுத்து √3, அப்பறம் ⁴√10. சரியான விடை. எண்ணெய் பேப்பர்ல கருப்பா நிக்குது.

"இப்ப மட்டும் எப்பிடிலே வருது?"

அவன் பேப்பரையே பாத்துக்கிட்டு நின்னான். "அன்னைக்கு எனக்கு மூணுக்கு இருநூத்திச் சொச்சம் வந்துச்சுலே. அதான் அதைச் சின்னதுன்னு மொதல்ல வச்சேன்."

"எங்க இருந்து வந்துச்சு இருநூத்திச் சொச்சம்?"

"தெரியல."

டெஸ்ட்டுல தப்பு, டீக்கடையில சரி, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. போலீஸ் ஸ்டேஷன்ல இப்பிடிச் சொன்னா நாலு வைப்பாங்க. ரஃப் போட்ட பேப்பரைக் காட்டலாம்னா, அதை எல்லாம் சார் அன்னைக்கே சுருட்டிக் குப்பையில போட்டாச்சு. அவன் பஸ் வந்துச்சு. வாரேன்னுகூட சொல்லாம ஏறிட்டான். நான் அவன் டீயையும் சேத்துக் குடிச்சேன், ஆறிப் போயிருந்துச்சு.

தேவிபட்டினம் வர்ற வரைக்கும் பஸ்ல யோசிச்சேன். அவன் என்னைப் பாத்துதான் எழுதினான்னு சொன்னா, நான் தப்பிச்சிருவேன், அவன் திருப்பூரு. நான்தான் அவனைப் பாத்தேன்னு பொய் சொன்னா, சார் என்னை மாடியில இருந்து இறக்கி விட்டுருவாரு. அவன் எனக்குக் காட்டினான்னு அவனுக்கும் சீட்டு போயிரும். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு அடி. அப்பவும் மனசுக்குள்ள ஒரு குரலு, திருட்டுப் பயலுக்கு நீ எதுக்குலே இரக்கப்படுறன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு.

காலையில சார் எங்க ரெண்டு பேரையும் முன்னாடி நிறுத்தினாரு.

"நீ சொல்லு மொதல்ல. எப்பிடிப் போட்ட?"

பங்கு வழியைச் சொன்னேன். மூணை ரெண்டு பேருக்கு, அஞ்சை மூணு பேருக்கு. கிளாஸே சிரிச்சுச்சு. செருப்புக்கடைக்காரரு கீழ இருந்து எட்டிப் பாத்திருப்பாரு. சார் மட்டும் சிரிக்கல.

"நாலாம் ரூட் பதினாறு உன் வழியில எவ்வளவு?"

"பதினாறை நாலு பேருக்கு. நாலு."

"ரூட் நாலு?"

"நாலை ரெண்டு பேருக்கு. ரெண்டு."

"ரெண்டை நாலு தடவை பெருக்கினா?"

"பதினாறு."

"அப்ப நாலாம் ரூட் பதினாறும் ரெண்டுதான், ரூட் நாலும் ரெண்டுதான். உன் பங்குல ஒருத்தனுக்கு ரெட்டிப்பு போயிருக்கு. இப்பிடிப் பிரிச்சா கடக்கரையில வெட்டுக்குத்து ஆகும்ல?"

ஆகும். எனக்கே தெரிஞ்சுச்சு. பங்குங்கிறது கூட்டினா திரும்பி வரணும், ரூட்டுங்கிறது பெருக்கினா திரும்பி வரணும். ரெண்டும் ஒன்னு இல்ல. ஆனா சார் முகம் மாறிருச்சு. இப்பிடி ஒரு கோணக் கணக்கை நானாத்தான் கண்டுபிடிச்சிருக்கணும், எவனையும் பாத்து எழுதியிருக்க முடியாதுன்னு அவருக்கும் விளங்கிருச்சு. கண்ணு அவன் பக்கம் போச்சு.

"அப்ப நீ?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் வாயைத் திறந்ததுல என் சந்தேகத்தை அப்பிடியே அவரு கையில குடுத்துட்டேன்.

அவசரமா, "சார், ரூட் ரெண்டு பெருசா க்யூப் ரூட் மூணு பெருசான்னு ஒரு கணக்கு இருந்துச்சுல்ல?"ன்னு கேட்டேன். "என் பங்குல ரெண்டுமே ஆளுக்கு ஒன்னு. சமம்னு எழுதிட்டேன். இவன் ஆறாம் அடுக்குக்குத் தூக்கி, எட்டு, ஒன்பதுன்னு பாத்து, க்யூப் ரூட் மூணுதான் பெருசுன்னு சரியா எழுதியிருக்கான். என்னைப் பாத்திருந்தா அதையும் சமம்னுல எழுதியிருப்பான்?"

"தெரிஞ்சதுக்கு எதுக்குப் பாக்கணும்? தெரியாததுக்குத்தான் பாப்பாங்க"ன்னாரு சார். பாயிண்டுதான். ஒரு மார்க்குல வேலை போனவருகிட்ட யாரு பேசி ஜெயிக்க?

அவன் போர்டு பக்கம் போனான், சாக்பீஸ் எடுக்க. சார் தடுத்தாரு.

"போர்டு வேணாம். எழுதினா எல்லாருக்கும் வரும். டெஸ்ட்டுல போட்ட வழியிலயே, எழுதாம வாயால போடு. அஞ்சோட நாலாம் அடுக்கு?"

"இருபத்தஞ்சு இருபத்தஞ்சு, அறுநூத்து இருபத்தஞ்சு."

"பத்தோட மூணாம் அடுக்கு?"

"மூணு சைபரு, ஆயிரம்."

"மூணோட ஆறாம் அடுக்கு?"

இதுக்கு மட்டும் உடனே வரல. தலையை இடது பக்கமா சாச்சான். கண்ணு கீழ போச்சு. டெஸ்ட்டுல பாத்த அதே சாயல். இப்ப இடது பக்கம் என் பேப்பரு இல்ல, ஒன்னும் இல்ல, அவனோட இடது கைதான் தொங்குது. அந்தக் கையில கட்டைவிரலு மடங்குச்சு. உதடு அசைஞ்சுச்சு, சத்தம் வரல. எனக்கு அந்த உதட்டை நல்லாத் தெரியும். எத்தனை தடவை ஓட்டியிருப்பேன்.

"இருநூத்து நாப்பத்து மூணு"ன்னான்.

கிளாஸ்ல முணுமுணுப்பு. சார் தலையை ஆட்டினாரு, முடிஞ்சுதுங்கிற மாதிரி.

"சார்"னேன். "அவனைச் சத்தமாப் போடச் சொல்லுங்க. விரலை மேல தூக்கிக்கிட்டு."

அவன் என்னை முறைச்சான். வளந்த பய விரலு விட்டு எண்ணுறது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் பெஞ்சுக்கு அடியில எண்ணியிருக்கான். சாரும் தூக்குன்னாரு. தூக்கினான். கட்டைவிரலை மடக்கினான்.

"லாபம்."

அந்த விரலுக்கு எண்ணு எதுவும் சொல்லல. அடுத்த விரலுக்குப் போயிட்டான்.

"ரெண்டு, மூணு. மூணு, ஒன்பது. நாலு, இருபத்தேழு. அஞ்சு, எண்பத்தொன்னு." அடுத்த கை. "ஆறு, இருநூத்து நாப்பத்து..."

அவனே நின்னுட்டான். மடங்கின கட்டைவிரலைத் திரும்பிப் பாத்தான். லாபம்னு சொன்ன விரலுக்கு மொத மூணு போயிருக்கணும். அதை விட்டுட்டான். ஆறு விரலு மடக்கி அஞ்சு மூணைத்தான் பெருக்கியிருக்கான். பேப்பர் எண்ணும்போது லாபம்னு சொல்லிக்கிட்டே கையில ஒரு தாளு வைப்பான், தப்பு வராது. டெஸ்ட்டு அவசரத்துல, டீக்கடையில மாதிரி எழுதாம மனசுக்குள்ள பெருக்கும்போது லாபத்துல வைக்க கையில ஒன்னும் இல்ல. அஞ்சுக்கும் பத்துக்கும் மனப்பாடம் இருந்துச்சு, எண்ண வேண்டிய தேவையே இல்ல. மூணுக்கு மட்டும்தான் எண்ணினான். இருநூத்து நாப்பத்து மூணு, அறுநூத்து இருபத்தஞ்சு, ஆயிரம். என் தப்பு வரிசைதான், ஆனா வேற ரோட்டுல வந்திருக்கு.

சார் லேசுல நம்புற ஆளா? "இது ரெண்டு பேரும் பேசி வச்சதா இருந்தா?"ன்னாரு. ஜன்னல் பக்கம் போயி, திடீர்னு திரும்பி, "ஆறோட அஞ்சாம் அடுக்கு. விரலு விட்டே சொல்லு, யோசிக்காத"ன்னாரு.

அவன் பதறிப்போயி கையைத் தூக்கினான். லாபம். ரெண்டு, ஆறு. மூணு, முப்பத்தாறு. நாலு, இருநூத்துப் பதினாறு. அஞ்சு, ஆயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தாறு. இப்பத்தான் தப்பைக் கண்டுபிடிச்சான், அதுக்குள்ள மறுபடியும் அதே குழியில போயி விழுந்தான். விழுந்தது அவனுக்கே தெரியல. சரியான விடை ஏழாயிரத்து எழுநூத்து எழுபத்தாறுன்னு முதுகுளத்தூர்ப் பொண்ணு நோட்டுல போட்டு மெல்லச் சொல்லுச்சு.

இப்பிடிப் பொய்யா நடிக்க முடியாதுன்னு சாருக்கும் பட்டிருக்கணும். ரெண்டு பேப்பரையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு மடிச்சாரு. "ரயில்வேக்காரன் லாபம் நட்டம் பாக்க மாட்டான்லே. ஒன்னுன்னு எண்ணிப் பழகு. இல்லன்னா மதுரையில போயி மானத்தை வாங்கிருவ"ன்னாரு. அப்பத்தான் அவன் பேருதான் போகுதுன்னு எங்களுக்கு விளங்குச்சு. எனக்கு முன்னாடி அந்தப் பொண்ணுதான் கையைத் தட்டுச்சு. அதுமேல இருந்த சந்தேகத்தை வாபஸ் வாங்கிட்டேன்.

கீழ இறங்கும்போது படியில அவனை ஓட்டினேன். "லாபம் லாபம்னு சொல்லி ஒரு மூணை நட்டம் பண்ணிட்டியேலே." அவன் சிரிச்சான். ஆனா என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சான். ஏதோ கேக்கப்போற மாதிரி இருந்துச்சு. கேக்கல. பஸ்ஸு வந்துருச்சு.

இப்ப அவன் மதுரையில இருக்கான். நான் இன்னும் இதே மாடியில, இதே ஃபேனுக்கு அடியில. பங்கு பிரிக்கிறதை விட்டுட்டேன், பன்னெண்டாம் அடுக்குக்குத் தூக்கப் பழகிட்டேன். நேத்து இதை எல்லாம் எழுதி முடிச்சு, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூடவே, "உன்னைக் காப்பாத்துனது யாருன்னு ஊருக்குத் தெரியட்டும்லே, படிச்சுட்டு நன்றி சொல்லு"ன்னு ஒரு மெசேஜ்.

வாட்ஸ்அப்புல ரெண்டு நீல டிக்கு விழுந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரே வரிதான் வந்துச்சு:

"அதெல்லாம் சரிலே, நான் ஓம் பேப்பரைப் பாத்துட்டேன்னு என் விரலைப் பாக்குற வரைக்கும் நீயுந்தானே நம்பிக்கிட்டு இருந்த?"